சீன மொழி நிறுவி பாதியில் நிற்கும்போது: மீண்டும் முயல்வதா, கோப்பை விட்டுச் செல்வதா, கைவிடுவதா?

கேள்வி: எங்கள் பெயர்ப்பலகைக் கடையில் சீனத்தில் இருந்து வரவழைத்த லேசர் செதுக்கும் இயந்திரம் இருக்கிறது. அதன் மென்பொருளுக்குப் புதிய பதிப்பை நிறுவும்போது முக்கால்வாசியில் ஒரு பிழைப் பெட்டி வருகிறது. எழுத்து முழுக்கச் சீனம். எனக்குப் புரிவது C:\EngraveTool\UsbPort.dll, DeleteFile, 5 ஆகிய மூன்றுதான். கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பொத்தான்கள் உள்ளன. கணினியில் இருப்பது ஆங்கில விண்டோஸ். பெட்டி இன்னும் திறந்தே இருக்கிறது. எதை அழுத்துவது?

பதில்:

இப்போதைக்கு எதையும் அழுத்த வேண்டாம். அந்தப் பெட்டி திறந்திருக்கும் வரை நிறுவி அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். அதற்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. அரை மணி நேரம் கழித்துப் பதில் சொன்னாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனவே அந்தப் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, மற்றொரு சாளரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு வந்து 'மீண்டும் முயல்' பொத்தானை அழுத்துவதே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் வழி. UsbPort.dll போன்ற ஒரு கோப்பை விட்டுவிட்டுச் செல்வது கூடாது. கைவிடுவது கடைசி வழி; புதுப்பிக்கும் வேலையில் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்; அடுத்த முறை வேறு கோப்பும் வேறு எண்ணும் வந்தால் நீங்களே முடிவெடுக்க அது உதவும்.

முதலில் பெட்டியில் உள்ளதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெட்டியின் தலைப்பில் ஒருமுறை சொடுக்கிவிட்டு Ctrl+C அழுத்தினால், விண்டோஸ் தானே வரைந்து காட்டும் செய்திப் பெட்டிகளில் தலைப்பு, செய்தி, பொத்தான்களின் பெயர்கள் ஆகிய எல்லாம் எழுத்தாக நகலெடுக்கப்படும். படத்தைத் தேர்ந்தெடுப்பது போல எதையும் குறியிட வேண்டியதில்லை. நோட்பேடைத் திறந்து ஒட்டிப் பார்த்தால் கோடுகளால் பிரிக்கப்பட்ட வரிகளாக வந்து விழும். நிறுவி தானே வரைந்த தனிப்பட்ட சாளரமாக இருந்தால் இது வேலை செய்யாது. அப்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும். நகலெடுத்த எழுத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் செய்தியின் பொதுவான பொருளைத் தெரிந்துகொள்ள மட்டுமே அதை நம்புங்கள். பொத்தான்களின் பெயர்கள் ஓரிரு எழுத்துகளே ஆன சொற்கள். சூழல் இல்லாத அத்தகைய சொற்களில் 'கைவிடு', 'ரத்து செய்', 'புறக்கணி' ஆகியவற்றின் வேறுபாட்டை அந்தச் செயலிகள் குழப்பிவிடுவது உண்டு.

உண்மையில் முடிவெடுக்கத் தேவையான தகவல் பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படாத பகுதியிலேயே இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் அவைதான். கோப்பின் பாதை, எந்தப் பொருளில் சிக்கல் என்று சொல்கிறது. DeleteFile என்பது விண்டோஸின் உள்ளே இருக்கும் ஒரு செயலின் பெயர். அந்தக் கோப்பை அழிக்கப் போனபோது தடை வந்தது என்று அது சொல்கிறது. 5 என்பது விண்டோஸ் அந்தத் தடைக்குத் தந்த காரண எண். நிறுவி எந்த மொழியில் இருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. கட்டளைச் சாளரத்தைத் திறந்து பின்வருமாறு கேட்டால், எண்ணின் பொருளை உங்கள் விண்டோஸின் மொழியில், அதாவது ஆங்கிலத்தில், அது சொல்லிவிடும்:

```
net helpmsg 5
```

இயந்திரத்துடன் வந்த கணினியில் விண்டோஸே சீன மொழியில் இருந்தால் பதிலும் சீனத்தில்தான் வரும். அப்போது அதே எண்ணை வேறொரு கணினியில் தட்டிப் பாருங்கள். சில நிறுவிகள் எண்ணை 0x80070005 என்பது போல நீளமாகக் காட்டும். 0x8007 என்று தொடங்கினால், கடைசி நான்கு இடங்கள்தான் நாம் தேடும் எண். ஆனால் அது பதினாறடிமான எண் என்பதால் விண்டோஸுடன் வரும் கால்குலேட்டரின் Programmer பகுதியில் மாற்றிக்கொள்ள வேண்டும். 0x80070020 என்றால் 32, 0x80070070 என்றால் 112.

5 என்ற எண்ணுக்குக் கிடைக்கும் விளக்கம் 'Access is denied.' என்பதாகும். இதைப் பார்த்ததும் 'நிர்வாகி உரிமை இல்லாமல் ஓட்டிவிட்டோம் போலிருக்கிறது' என்று நினைத்து, கைவிட்டு, வலது சொடுக்கில் நிர்வாகியாக ஓட்டி, அதே இடத்தில் அதே பெட்டியைச் சந்திப்பவர்களே அதிகம். நிறுவி தொடங்கும்போது திரை மங்கி விண்டோஸ் உங்களிடம் அனுமதி கேட்டிருந்தால், அதற்கு ஏற்கெனவே நிர்வாகி உரிமை உண்டு. பிறகு ஏன் 5? ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் .exe கோப்பையும் அது ஏற்றிவைத்திருக்கும் .dll கோப்புகளையும் விண்டோஸ் நினைவகத்தோடு பிணைத்து வைத்திருக்கிறது. அப்படிப் பிணைந்த கோப்பை அழிக்க முயன்றால், 'வேறொரு நிரல் பயன்படுத்துகிறது' என்பதற்கான 32 வருவதில்லை. அனுமதி மறுப்புக்குரிய 5தான் வருகிறது. ஒரு சாதாரண ஆவணத்தை வேறொரு நிரல் திறந்து பூட்டி வைத்திருந்தால் 32 வரும். ஆகவே .dll அல்லது .exe கோப்பு, DeleteFile, 5 ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது உரிமைக் குறைவை அல்ல. பழைய பதிப்பு இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான்.

இதைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் Process Explorer போதுமானது. அதை நிறுவ வேண்டியதில்லை. பிரித்தெடுத்து நேரே ஓட்டலாம். நிர்வாகியாக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பின்னணிச் சேவைகள் வைத்திருக்கும் கோப்புகள் கண்ணில் படாமல் போகலாம். அதன் Find பட்டியலில் Find Handle or DLL என்பதைத் தேர்ந்தெடுத்து UsbPort.dll என்று தட்டினால், அதை ஏற்றிவைத்திருக்கும் நிரல்களின் பெயர்கள் வரும். உங்களுக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று கிடைக்கும். பழைய EngraveTool.exe சாளரத்தை மூடிய பிறகும் இயந்திரத்துடனான யுஎஸ்பி தொடர்பை விடாமல் பின்னணியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதை Task Manager வழியாக முடித்துவிடலாம், ஆனால் இயந்திரம் வேலையில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மென்பொருளோடு வந்த ஏதேனும் சேவை அதைப் பிடித்திருக்கலாம், services.msc-இல் அதன் பெயர் சீனத்தில் இருந்தாலும், Properties-இல் தெரியும் .exe பாதையைக் கொண்டு அடையாளம் கண்டு நிறுத்தலாம். அல்லது explorer.exe, அதாவது விண்டோஸின் கோப்புச் சாளரமே, வடிவமைப்புக் கோப்புகளுக்குச் சிறுபடம் காட்டுவதற்காக அந்த .dll-ஐ ஏற்றியிருக்கலாம், Task Manager-இல் Windows Explorer என்பதைத் தேர்ந்தெடுத்து Restart கொடுத்தால் விட்டுவிடும்.

பிடித்திருப்பதை விலக்கியபின் தேடலை மறுபடி ஓட்டி, எதுவும் வரவில்லை என்று பார்த்துவிட்டே நிறுவியிடம் திரும்புங்கள். இதை வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. நீங்கள் வர்ணிக்கும் பெட்டியின் அமைப்பைப் பார்த்தால் இது இன்னோ செட்டப் என்ற கருவியால் செய்த நிறுவி என்று தோன்றுகிறது. அது இத்தகைய தடை வந்ததும் உடனே உங்களிடம் ஓடி வருவதில்லை. சிறு இடைவெளி விட்டுத் தானே சில தடவை முயன்று பார்த்து, முடியாதபோதுதான் பெட்டியைக் காட்டுகிறது. ஆகவே வெளியே எதையும் மாற்றாமல் 'மீண்டும் முயல்' பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆன்டிவைரஸ் நிரல் ஒரு கோப்பைச் சில விநாடிகள் பரிசோதித்துவிட்டு விடுவதால் வரும் தடை மட்டுமே இதற்கு விலக்கு. அதற்கு ஒரு நிமிடம் பொறுத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பது போதும்.

தேடலில் எதுவும் சிக்கவில்லை, ஆனால் 5 மாறாமல் வருகிறது என்றால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஏற்றிய .dll-ஐ அழிக்க விண்டோஸ் விடாது. ஆனால் அதே கோப்புறைக்குள் பெயர் மாற்றப் பொதுவாக விடும். கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து இப்படிச் செய்யுங்கள்:

```
ren C:\EngraveTool\UsbPort.dll UsbPort.old
```

பெயர் மாறிவிட்டால், உரிமையில் குறையில்லை, கோப்பு பயன்பாட்டில் இருந்ததுதான் காரணம் என்பது ஏறத்தாழ உறுதியாகிவிடும். அதோடு தடையும் நீங்கிவிடுகிறது: இப்போது அந்தப் பெயரில் பழைய கோப்பு இல்லாததால், 'மீண்டும் முயல்' அழுத்தியதும் நிறுவி புதியதை எழுதிவிடும். பழைய நிரல் நினைவகத்தில் பழைய கோப்பையே வைத்து ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், நிறுவி முடித்ததும் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யாமல் இயந்திரத்தை இயக்கக் கூடாது. பெயர் மாற்றமும் 'Access is denied.' என்றே மறுக்கப்பட்டால் அது உண்மையாகவே அனுமதிச் சிக்கல். அப்போது icacls கட்டளைக்கு அந்தக் கோப்பின் பாதையைத் தந்து, Administrators குழுவுக்கு முழு உரிமை, அதாவது (F), இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, அந்த மூன்று பொத்தான்களில் எது எது என்ற கேள்வி. இடத்தை வைத்து ஊகிக்காதீர்கள். விண்டோஸின் பழைய வகைப் பெட்டியில் மூன்றும் பக்கவாட்டில் இருக்கும். வரிசை கைவிடு, மீண்டும் முயல், புறக்கணி என்பது. அதில் முதலில் குறியிடப்பட்டிருப்பது வழக்கமாகக் கைவிடுதான். அவசரத்தில் எண்டர் தட்டினால் வேலை அத்தோடு முடிந்தது. மூலையில் உள்ள மூடும் குறி அதில் வேலை செய்யாது, எனவே தவறுதலாக மூடிவிடும் ஆபத்து மட்டும் இல்லை. இன்னோ செட்டப்பின் ஆறாம் பதிப்பு முதல் பொத்தான்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. அதில் மேலே இருப்பது மீண்டும் முயல், நடுவில் இருப்பது கோப்பை விட்டுச் செல், கடைசியில் இருப்பது நிறுவலை ரத்து செய். ஆக, முதல் பொத்தானின் பொருளே இரண்டு வகைகளிலும் நேர்மாறாக இருக்கிறது.

எழுத்துகளைக் கொண்டு சரிபார்ப்பது நல்லது. சீனத்தில் 重试 என்றிருப்பது மீண்டும் முயல். 跳过 என்பது தாண்டு. 忽略 என்பது புறக்கணி. 取消 அல்லது 中止 என்பது ரத்து அல்லது கைவிடு. கோப்பை விட்டுச் செல்லும் பொத்தானில் அடைப்புக்குறிக்குள் 不推荐 என்று இருந்தால், 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று நிறுவியே எச்சரிக்கிறது. சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மூன்று மொழி விண்டோஸ்களிலும் பழைய வகைப் பெட்டியின் பொத்தான் பெயருக்குப் பின்னால் (A), (R), (I) என்று விசைப்பலகை எழுத்தையும் போட்டிருப்பார்கள். அந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாதவர்களுக்குக்கூட A கைவிடு, R மீண்டும் முயல், I புறக்கணி என்று அது காட்டிக்கொடுத்துவிடும். உங்களுடையது போல ஆங்கில விண்டோஸில் அந்தப் பழைய வகைப் பெட்டி வந்தால், செய்தி சீனத்திலும் பொத்தான்கள் ஆங்கிலத்திலும் இருக்கும், ஏனெனில் அந்தப் பொத்தான்களை எழுதுவது விண்டோஸ். பொத்தான்களும் சீனத்தில் இருப்பதிலிருந்தே, அவை நிறுவியின் சொந்தச் சொற்கள் என்று தெரிகிறது.

கோப்பை விட்டுச் செல்வதைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பொத்தானை அழுத்தினால் நிறுவல் தொடர்ந்து, கடைசியில் வழக்கமான வெற்றிப் பக்கத்தில் போய் முடியும். ஒரு கோப்பு விடுபட்டது என்று அந்தப் பக்கம் நினைவூட்டாது. அதனால்தான் அது கவர்ச்சியாக இருக்கிறது. உங்கள் நிலைமையில் புதிய EngraveTool.exe-யும் பழைய UsbPort.dll-உம் ஒரே கோப்புறையில் இருக்கும். நல்ல காலம் இருந்தால், நிரலைத் திறந்த உடனேயே 'The procedure entry point ... could not be located' என்று தொடங்கும் பிழை வந்து நின்றுவிடும். புதிய நிரல் தேடும் ஒரு செயல் பழைய .dll-இல் இல்லை என்பது அதன் பொருள். இல்லாவிட்டால் நிரல் திறந்து, வரைபடமும் தெரிந்து, இயந்திரத்துக்குத் தரவு அனுப்பும்போது மட்டும் கோளாறு காட்டும். யுஎஸ்பி கம்பியையும் இயந்திரத்தின் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாளைத் தொலைப்பது இப்படித்தான் நேர்கிறது. .exe, .dll, .ocx, .sys, .inf, .cat என முடியும் எந்தக் கோப்பையும் விட்டுச் செல்லக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்றும் டிரைவரைச் சேர்ந்தவை.

விட்டுச் செல்லத் தகுந்த கோப்புகளும் உண்டு. .chm, .pdf, .txt போன்ற உதவிக் கோப்புகள், .dxf, .plt போன்ற மாதிரி வரைபடங்கள், C:\Windows\Fonts-இல் ஏற்கெனவே இருந்து பயன்பாட்டில் உள்ள ஒரு எழுத்துரு ஆகியவை இல்லாமல் போனாலும் இயந்திரம் ஓடும். சீன உதவிக் கோப்பு ஒன்றை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நிறுவலைக் கைவிடுவது அர்த்தமற்றது. ஆனாலும் அதை மூடிவிட்டு மீண்டும் முயல ஆகும் நேரம் அரை நிமிடம் என்பதால், இங்கேயும் நான் அதையே செய்வேன்.

கைவிடுவதன் விலை எந்தக் கருவியால் செய்த நிறுவி என்பதைப் பொறுத்தது. விண்டோஸின் சொந்த முறையான .msi நிறுவிகள் மாற்றும் கோப்புகளின் பழைய பிரதிகளை வைத்துக்கொண்டே வேலை செய்வதால், பாதியில் கைவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். அங்கே கைவிடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. இன்னோ செட்டப் தான் புதிதாக வைத்த கோப்புகளை நீக்கும், ஆனால் ஏற்கெனவே மேலெழுதிவிட்ட பழைய கோப்புகளைத் திருப்பிக் கொண்டுவராது. சாளரத்தின் அடியில் Nullsoft Install System என்று மங்கலாக எழுதியிருக்கும் நிறுவிகள், தயாரித்தவர் தனியாக எழுதியிருந்தாலொழிய, எதையும் திருப்பாமல் அப்படியே நின்றுவிடும். உங்கள் நிறுவல் முக்கால்வாசி முடிந்திருப்பதால் C:\EngraveTool-இல் இப்போது பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன. இந்த நிலையில் கைவிட்டால் பழைய பதிப்பும் ஓடாமல் போகலாம்.

ஆகவே, எந்தப் பொத்தானையும் அழுத்தும் முன், பெட்டி திறந்திருக்கும்போதே அந்தக் கோப்புறை முழுவதையும் வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். மேலெழுதப்பட்ட கோப்புகள் அதில் திரும்பக் கிடைக்காதுதான். ஆனால் இயந்திரத்தின் அளவுருக் கோப்பு இன்னும் தொடப்படாமல் இருந்தால் அது காப்பாற்றப்படும். படுக்கையின் அளவு, மோட்டாரின் படி அளவு, தொடக்கப் புள்ளி போன்றவை பல மென்பொருள்களில் இப்படி ஒரு கோப்பில்தான் இருக்கின்றன, அது தொலைந்தால் விற்றவரைத் தொடர்பு கொண்டு மீண்டும் வாங்க வேண்டியிருக்கும்.

கைவிடுவதே சரியான முடிவாகும் நிலைமைகளும் இருக்கின்றன. நிறுவி ஓடிக்கொண்டிருக்கும்போது சரிசெய்ய முடியாத காரணம் என்றால் கைவிடத்தான் வேண்டும். எண் 112 வந்தால் வட்டில் இடமில்லை என்று பொருள். இடத்தைக் காலி செய்துவிட்டு மீண்டும் முயலலாம், கைவிடத் தேவையில்லை. எண் 23 வந்தாலோ, மூலக் கோப்பு சிதைந்துள்ளது என்ற பொருள் மொழிபெயர்ப்பில் கிடைத்தாலோ நிலைமை வேறு. இயந்திரத்துடன் வந்த பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டியிருந்தால் அதையே முதலில் சந்தேகியுங்கள். கைவிட்டு, நிறுவியை வன்வட்டுக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் நின்றால் பென் டிரைவோ கணினியின் நினைவகமோ பழுது. எப்போதும் ஒரே கோப்பில் நின்றால் நிறுவியே சிதைந்து வந்திருக்கிறது, புதிதாகத்தான் பெற வேண்டும். எண் 225 என்றால் ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைத் தடுத்திருக்கிறது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள் என்று விற்பவர்கள் சொல்வது வழக்கம். தயாரித்தவரின் தளத்திலிருந்து மறுபடி இறக்கிய பிரதியிலும் அதே எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்காமல் அதைச் செய்ய மாட்டேன்.

இன்னொரு வகைச் சிக்கல் வேறுமொழி நிறுவிகளுக்கே உரியது. யூனிகோடுக்கு மாறாத பழைய சீன நிறுவியை ஆங்கில விண்டோஸில் ஓட்டினால், சீன எழுத்துகளுக்குப் பதிலாக °²×° போன்ற குறிகள் தெரியும். இது 安装, அதாவது 'நிறுவுதல்', என்பதன் பைட்டுகளை விண்டோஸ் மேற்கத்திய எழுத்துகளாகப் படித்ததன் விளைவு. செய்தி படிக்க முடியாமல் போவது இதில் சிறிய தொல்லை; கோப்புகளின் பெயர்களும் இப்படியே குலைவது பெரிய தொல்லை. சீனக் குறிமுறையில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட்டு, பாதையைப் பிரிக்கும் \ குறியின் பைட்டாகவும், பெயரில் அனுமதிக்கப்படாத | குறியின் பைட்டாகவும் இருக்கும். அத்தகைய கோப்பை எழுதப் போகும்போது 3 (பாதை இல்லை) அல்லது 123 (பெயர் தவறானது) என்ற எண் வரும். இதற்கு மீண்டும் முயல்வது பயனற்றது, விட்டுச் செல்வதும் தவறு. கைவிட்டு, விண்டோஸின் Region அமைப்பில் Administrative பகுதியில் உள்ள Change system locale வழியாக Chinese (Simplified, China) என்பதைத் தேர்ந்தெடுத்து, மறுதொடக்கம் செய்து, முதலிலிருந்து நிறுவ வேண்டும். விண்டோஸின் திரை மொழி இதனால் மாறாது.

இதே குறை நம் பக்கத்திலிருந்தும் எழக்கூடும். விண்டோஸில் உங்கள் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், தற்காலிகக் கோப்புறையின் பாதையிலும் தமிழ் எழுத்துகள் இருக்கும். யூனிகோடு அறியாத நிரல்களுக்காக விண்டோஸ் கணினி அளவில் பயன்படுத்தும் பழைய குறிமுறைகள் எவற்றிலும் தமிழ் இடம்பெறவில்லை என்பதால், பழைய நிறுவிக்கு அந்தப் பாதை கேள்விக்குறிகளாகவே தெரியும். தொடங்கிய உடனேயே 3 அல்லது 123 வந்து நிற்கும். பயனர் பெயரை மாற்ற வேண்டியதில்லை. நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் தற்காலிகக் கோப்புறையை மாற்றிவிட்டு, அதே சாளரத்திலிருந்து நிறுவியை ஓட்டினால் போதும்:

```
mkdir C:\Temp
set TEMP=C:\Temp
set TMP=C:\Temp
D:\setup.exe /LOG="C:\Temp\setup.log"
```

கடைசி வரியில் D:\setup.exe என்பதற்குப் பதிலாக உங்கள் நிறுவியின் பாதையைப் போடுங்கள். அதிலுள்ள /LOG என்பது இன்னோ செட்டப் நிறுவிகளுக்கு உரியது. எப்போதாவது கைவிட்டு மறுபடி தொடங்க நேர்ந்தால் இதைச் சேர்த்தே தொடங்குங்கள். நிறுவி சீனத்தில் பேசினாலும், அந்த லாக் கோப்பில் அது எந்தக் கோப்பை எங்கே வைத்தது, எங்கே தடுமாறியது என்ற குறிப்புகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். உங்களுக்கு வந்தது போன்ற தடைக்கு, கோப்பு பயன்பாட்டில் இருப்பதாகத் தெரிகிறது என்ற வரியை அடைப்புக்குறிக்குள் (5) என்ற எண்ணோடு அதில் பார்க்கலாம்.

உங்கள் வேலைக்குத் திரும்பினால் வரிசை இப்படி அமையும். கோப்புறையை நகலெடுங்கள், Process Explorer-இல் தேடிப் பிடித்திருப்பதை மூடுங்கள், தேவைப்பட்டால் பெயர் மாற்றுங்கள், பிறகு 重试 உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். நிறுவல் முடிந்ததும் மறுதொடக்கம் செய்து, UsbPort.dll-இன் Properties-இல் Details பகுதியில் தெரியும் பதிப்பு எண்ணையும் Date modified-ஐயும் முன்பு எடுத்த நகலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் புதிய கோப்பு வந்துவிட்டது; மிஞ்சியுள்ள UsbPort.old-ஐ அழித்துவிடலாம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவான கோப்பாகவும் இருக்கக்கூடும் என்பதால், நிறுவியை /LOG சேர்த்துத் தொடங்கியிருந்தால் லாக் கோப்பில் அந்தப் பெயரைத் தேடி, அது எழுதப்பட்டதா விடப்பட்டதா என்று பார்த்துவிட்டு, இயந்திரத்தின் முதல் சோதனையை வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பலகைத் துண்டில் நடத்துங்கள்.